நாய் கடிச்சா மக்கள் எந்த வார்த்தையில தேடுறாங்க?

1/ சிறுசேரி சிப்காட்ல நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்றவரை தெருநாய் கடிச்சிடுதுன்னு வைங்க. போனை எடுத்து "நாய் கடிச்சா என்ன செய்யணும்"னு தேடுவார். "ரேபிஸ் தடுப்பு சிகிச்சை"ன்னு தேட மாட்டார். டாக்டர் போட்ட வீடியோ அவர் கண்ணுல படாம போறது இங்கதான்.

2/ ஷார்ட்ஸ், ரீல்ஸ்ல நாம பேசுறதை மெஷின் கேட்டு எழுத்தா மாத்துது. திரையில தெரியுற எழுத்தையும் படிக்குது. தலைப்போட சேர்த்து இதுவும் தேடலுக்குப் பயன்படுது. எதுக்கு எவ்வளவு மதிப்புன்னு கம்பெனிகள் சொல்றதில்ல. ஆனா வீடியோவுல எங்கயுமே இல்லாத வார்த்தைக்கு வாய்ப்பு குறைவு.

3/ நாங்க பழக்கத்துல "ஏஆர்வி போடுங்க"ன்னு சொல்வோம். எங்களுக்கு அது நாய்க்கடி ஊசி. ஆனா எச்ஐவி மருந்துக்கும் அதே சுருக்கம்தான். அதனால "நாய்க்கடி ஊசி"ன்னு முழுசா சொல்லுங்க.

4/ தமிழ்ல இன்னொரு சிக்கல் இருக்கு. பேச்சுல "கடிச்சா", எழுத்துல "கடித்தால்". ரெண்டுலயும் தேடுறாங்க. எளிய வழி: வாய்ல பேச்சுத்தமிழ், திரையில எழுத்துத்தமிழ்.

பேச்சு: "நாய் கடிச்சிடுச்சா? ஓடுற தண்ணில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. அன்னைக்கே ஆஸ்பத்திரி போய் ஊசி போடுங்க."

திரை: "நாய் கடித்தால் முதலுதவி: சோப்பு, தண்ணீர், 15 நிமிடம்."

தலைப்பு: `naai kadicha enna seiyanum`. பலர் இப்படித்தான் டைப் பண்றாங்க.

5/ "மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு வைக்காதீங்க"ன்னு பேர் சொல்லியே பேசுங்க. அதை வைக்கலாமான்னு தேடுறவர்தான் நம்ம வீடியோவைப் பார்க்கணும். ஆனா திரையில வெறும் "மிளகாய்ப்பொடி"ன்னு போடாதீங்க. சத்தத்தை மியூட் பண்ணிப் பார்க்கிறவர் அதையே வைத்தியம்னு எடுத்துக்குவார். "வைக்கக் கூடாது" அதே வரியில இருக்கணும்.

6/ சரியா கேட்டுச்சான்னு எப்படித் தெரியும்? யூடியூப்ல போட்டதும் `CC` ஆன் பண்ணிப் பாருங்க. வீடியோ மொழி ஆங்கிலம்னு இருந்தா, தமிழ்ப் பேச்சு சம்பந்தமில்லாத ஆங்கில வார்த்தையா வரும். பின்னணி இசை அதிகமா இருந்தாலும் வார்த்தை சிதையும். மொழியைத் தமிழ்னு மாத்தி, `YouTube Studio`ல சப்டைட்டிலைத் திருத்திடலாம்.

7/ திரை எழுத்து கெட்டியா, எளிய ஃபான்ட்ல இருக்கணும். கீழ் ஓரத்துல வேண்டாம், அங்க சேனல் பேரும் தலைப்பும் வந்து மறைக்கும். வலது ஓரத்துல லைக், ஷேர் பட்டன் இருக்கும். ஒரு தடவை நிதானமா வாசிக்கிற நேரமாவது நிக்கட்டும்.

8/ சில வாரம் கழிச்சு `YouTube Studio`ல மக்கள் எந்த வார்த்தையைத் தேடி வந்தாங்கன்னு பாருங்க. அங்க "நாய் கீறினா ஊசி போடணுமா"ன்னு வந்திருந்தா, அடுத்த வீடியோவோட முதல் வரி அதுதான். பதில்: கீறி ரத்தமே வரலைன்னாலும் கழுவிட்டு, அன்னைக்கே அரசு மருத்துவமனைக்கு வாங்க. ஊசி இலவசம்.