முப்பத்தெட்டு பேர் போனார்கள்

போன மாதம் முகநூலில் உள்ள என் பக்கத்தில், புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைத்தால் என்ன கெட்டுவிடும் என்று எழுதினேன். 1979 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் பேசிய இணைப்புப் பேச்சு இங்கே துப்பாக்கிச் சூடு வரை போனது. எங்கள் ஊர்க்காரர்கள் அதை மறக்கவில்லை. ஐந்து நாளில் 38 பேர் பக்கத்தை விட்டுப் போனார்கள்.

என் கைபேசி பிரெஞ்சில் இருக்கிறது. பின்தொடர்பவரை அது 'அபோனே' என்கிறது. நாங்கள் படித்த காலத்தில் அபோனே என்றால் சந்தா கட்டிப் பத்திரிகை வாங்குபவர். அவர் நிறுத்தினால் பத்திரிகைக்குக் காசு நஷ்டம். இங்கே ஒருவரும் காசு கட்டவில்லை. ஆனாலும் அந்தச் சொல்லைப் பார்த்ததும் வயிற்றில் ஏதோ செய்தது.

குமாஸ்தா புத்தி, கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். எனக்கு 640 பேர். முதல் பக்கத்தில் தெரிவது 27 குறைவு என்றுதான். உள்ளே போனால் வந்தவர் 11, போனவர் 38. யார் போனார் என்று அது சொல்லாது. வழக்கமாகவே வாரத்துக்கு இரண்டு மூன்று பேர் போவதுண்டு, அவர்களைக் கழித்துவிடலாம். என் பதிவு சாதாரணமாக 90 பேர் கண்ணில் படும். இது சண்டையாகி, பின்னூட்டம் நூறைத் தாண்டி, 700 பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தது. என்றோ என் பக்கத்தில் சேர்ந்து என்னை மறந்தே போனவர்கள் முன்னாலும் போய் நின்றிருக்கிறது. "யாருப்பா இந்தக் கிழவன்?" என்று அவர்கள் நீக்கியிருந்தால் எனக்கு இழப்பில்லை. தினம் படித்தவர்கள் நீக்கியிருந்தால் இழப்புதான். 38 என்ற எண்ணை எவ்வளவு நேரம் பார்த்தாலும் இரண்டில் எது என்று தெரியாது.

தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. சண்டையில்லாத விஷயமாக எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு பதிவு போதாது. தீபாவளி வாரமாக இருந்தாலே எண்ணிக்கை மாறிவிடும். மூன்று எழுதினேன்: கோலி சோடா, தட்டச்சுப் பொறி, ஓய்வூதிய வரிசை. 86, 93, 88 பேர் பார்த்தார்கள். போனவர்களில் பெரும்பாலோர் முன்பும் படிக்காதவர்கள்தான்.

ஆனால் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் பெயர்களைப் பார்க்க வேண்டும். எப்போதும் எழுதும் இருபது பேரில் இரண்டு பேர் மூன்று பதிவிலும் இல்லை. இருவரும் முகநூலில் இன்னும் நண்பர்கள்தான். அப்படி ஒருவர் நண்பராக இருந்துகொண்டே நம் எழுத்தை மறைத்துவிட்டால் எந்தக் கணக்கிலும் வராது. எனக்கு உறுத்தியது இந்த இரண்டுதான், 38 அல்ல.

ஒருவரைத் தெரியாது. மற்றவர் என்னோடு ஒரே பிரிவில் வேலை பார்த்தவர். போன் செய்தேன்.

"அந்த 79-ல தம்பிக்கு அடிபட்டுதுப்பா. உன்னோட அதைப் படிக்க முடியலை, மூடிட்டேன்" என்றார்.

"மத்தது?"

"மத்ததும் வரலையே. சோடா பத்தி எழுதினியாமே, அனுப்பு."

வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இணைப்புப் பதிவை எடுக்கவில்லை.