டயலில் ஒரு கோடு, ஷாஃப்டில் இரண்டு பங்கு

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலை பெக்டரிகளில் கொழுந்து வாட்டும் ஃபேன் ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்தால், வெல்டிங் வைத்து நிரப்பி லேத்தில் கடைவதுதான் வழக்கம். புதுத் தம்பிமார் தடுமாறுவது கிராஸ் ஸ்லைடு டயலில்.

பழைய லேத்துகள் பலவற்றில் அந்த டயல், டூல் உள்ளே நகரும் தூரத்தைத்தான் காட்டும். டூல் ஒரு பக்கம் சீவினாலும் ஷாஃப்ட் சுற்றுவதால் விட்டம் அதைப்போல இரண்டு மடங்கு குறையும். ஒரு கோடு 0.05 மி.மீ. என்றால் விட்டத்தில் 0.1 போய்விடும்.

வெல்டை ஒருமுறை சீவியதும் 42.60 இருக்கிறது என்று வையுங்கள். வேண்டியது 40. முதலில் 40.40க்கு வரலாம். குறைய வேண்டியது 2.20, டூல் நகர வேண்டியது 1.10, அதாவது 22 கோடு, நாலைந்து வெட்டாக. விட்டக் கணக்கென்று நினைத்து 44 கோடு கொடுத்தால் 38.20. திரும்பவும் வெல்டிங்தான்!

பழக்கமில்லாத லேத்தா? ஒரு வெட்டு போட்டு அளந்து, 10 கோடு கொடுத்து மறுபடி வெட்டி அளங்கள். டயல் 0.5 என்று காட்ட, விட்டம் 1.0 குறைந்தால் அது ஆரக் கணக்கு.

கோடு தாண்டிவிட்டால் அரைச் சுற்று பின்னால் போய்த் திரும்ப வாருங்கள். ஸ்குரூவில் ப்ளே இருக்கும். பேரிங்குக்கு நூறில் ஒரு பங்கு மி.மீ. கணக்கு வேண்டும், இந்த டயலுக்கு அது எட்டாது. கடைசி இரண்டு மூன்று பங்கை எமரித் தாளுக்கு விடுங்கள், மைக்ரோமீட்டர் கையில் இருக்கட்டும்.