பன்னிரண்டு தந்தி மினுங்குகிறது ஏன்?

கல்லடியில் ஒரு மாமாவிடம் பழைய பன்னிரண்டு தந்திக் கிற்றார் ஒன்றை இரவல் வாங்கினோம். தந்தியெல்லாம் துருப்பிடித்துக் கிடந்தது. வாவிக்காத்துக்கு வேறென்ன நடக்கும்? காசு மிச்சம் பிடிக்க, ஆறு தந்திப் பெட்டி ரெண்டை வாங்கி நாங்களே மாட்டினோம். ஃபோனில் சுருதி பார்த்து அச்சொட்டாகச் சேர்த்தோம். வாசித்தால் தடித்த சத்தம் மட்டும்தான். பேர்ட்ஸ் குழுவின் பாட்டுகளில் கேட்ட அந்தக் கிணுகிணுப்பு வரவேயில்லை.

மாமா வந்து பார்த்ததும் தலையில் கை வைத்தார். “என்ன பிள்ளையள், சோடிக்கு ரெண்டும் ஒரே தந்தியைப் போட்டிருக்கிறீங்க? உடனே தளர்த்துங்க, பாரம் தாங்காமல் பிரிட்ஜ் கிளம்பிரும்.”

விஷயம் இதுதான். மெல்லிய இரண்டு சோடிகளில் மட்டும்தான் ரெண்டு தந்தியும் ஒரே சுருதி. மற்ற நாலு சோடியிலும் தடித்த தந்திக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய தந்தி, ஒரு ஸ்தாயி மேலே பாடும். ஆர்மோனியத்தில் கப்ளர் போட்ட மாதிரி. மூன்றாவது சோடியின் மெல்லிய ஜி தந்தி முதலாவது தந்தியைவிட உயரம்; கிட்டத்தட்ட 392 ஹேர்ட்ஸ், முதலாவது 330தான். நாங்கள் தேடிய கிணுகிணுப்பில் பெரும்பங்கு இந்த மேல் ஸ்தாயித் தந்திகளுடையது. நாங்கள் அவற்றையே விட்டுவிட்டோம்!

மினுக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. சோடியில் ஒன்று 330, மற்றது 331 என்றால், சத்தம் செக்கனுக்கு ஒரு தடவை ஏறி இறங்கும். திறந்த தந்தியில் எவ்வளவு சரியாகச் சேர்த்தாலும், ஃபிரெட்டில் அழுத்தும்போது தடித்ததும் மெல்லியதும் வேறுவேறு அளவில் சுருதி ஏறும். ஆறு சோடியும் ஆறு வேகத்தில் அசைய, கோர்ட் முழுதும் தண்ணியில் வெயில் பட்ட மாதிரி மினுங்கும். வித்தியாசம் கூடினால் அது மினுக்கமில்லை, வெறும் சுருதி பிசகல்.

ஜோர்ஜ் ஹரிசன் 1964 இல் வாசித்த ரிக்கன்பக்கரைப் படத்தில் பார்த்துத்தான் பேர்ட்ஸின் ரொஜர் மக்வின் தானும் ஒன்று வாங்கினார். அவருடைய 1965 ஒலிப்பதிவுகளில் ஒலிப்பதிவுப் பொறியியலாளர் கொம்ப்ரசரையும் சேர்த்தார். மீட்டிய அடியின் கூர்மையை அது அமுக்கி, தேயும் ஓசையைத் தூக்கிப் பிடிக்கும். மினுக்கம் நீளமாகக் கேட்பது அதனால்தான். சாதாரண கிற்றாரில் எவ்வளவு கொம்ப்ரசர் போட்டாலும் அந்த மினுக்கம் வராது, நீட்ட அங்கே ஒன்றுமில்லையே.

கடைசியில் சரியான பன்னிரண்டு தந்திப் பெட்டி வாங்கினோம். அந்த மெல்லிய ஜி, சுருதி ஏற்றும்போதே “டக்” என்று அறுந்தது. மாமா சிரித்துவிட்டு, எல்லாத் தந்தியையும் ஒரு முழுச் சுரம் இறக்கி, ரெண்டாவது ஃபிரெட்டில் கேப்போ போடச் சொன்னார். கழுத்துக்கும் பாரம் குறையும், பாட்டும் பழைய சுருதியிலேயே நிற்கும்.

அன்று பின்னேரம் பாலத்தடியில் ஒரு ஜி கோர்ட் மீட்டினோம். மீன்பிடிக்க வந்த ஒரு அண்ணா திரும்பிப் பார்த்து, “ரெண்டு பேரா வாசிக்கிறீங்க?” என்று கேட்டார்.