150 ரூபாய்க்குள்

சம்பளப் பட்டியல் மென்பொருளை மாற்றும் வேலை ஒரு விநோதமான வேலை. நன்றாக முடிந்தால் முடிந்ததே யாருக்கும் தெரியாது. மாதக் கடைசியில் எல்லோர் கணக்கிலும் சம்பளம் விழும், அவ்வளவுதான். சம்பளம் வந்துவிட்டதே என்று யார் போன் செய்து பாராட்டப்போகிறார்கள்? ஒருவருக்கு 200 ரூபாய் குறைந்திருந்தால் மட்டும் அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். வெளியிலிருந்து பாராட்டு வராத இப்படிப்பட்ட வேலையில், உள்ளே இருப்பவர்கள்தான் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லியாக வேண்டும்.

ஒரு மருத்துவமனைக் குழுமத்துக்காக அந்த மாற்றத்தைச் செய்தது எங்கள் அணி. தரமணியில் அலுவலகம், பதினான்கு பேர், நான் பொறுப்பாளர். நிதியாண்டு முடிவதற்குள் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்குப் போயாக வேண்டும் என்று கெடு. இந்த வேலையில் கழுத்தை நெரிக்கும் கட்டத்துக்குப் பேரலல் ரன் என்று பெயர். ஒரே மாதச் சம்பளத்தைப் பழையதிலும் புதியதிலும் தனித்தனியாகப் போட்டு, ஆளுக்கு ஆள், வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். எங்கே வித்தியாசம் வந்தாலும் காரணம் சொல்லியாக வேண்டும். மூன்று மாதச் சம்பளத்தை இப்படி ஒப்பிட்டோம். கடைசி வாரங்களில் இரவும் பகலும் ஒன்றாகிவிட்டன. பொறுமை இழந்து ஒருவரையொருவர் கடித்துக்கொண்டோம். கோ லைவ் ஆகி முதல் சம்பளம் சரியாகப் போய்ச் சேர்ந்த அன்று கொண்டாடுவதற்குக்கூட யாருக்கும் தெம்பில்லை. எல்லோரும் தூங்கப் போனார்கள்.

அலுவலக வழக்கப்படி இந்த மாதிரி நேரத்தில் என்ன கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நிறுவனத்தின் முத்திரை போட்ட காபிக் குவளை, ஒரு பீட்சா மதியம், பெயர் மட்டும் மாறி மற்றதெல்லாம் ஒரே மாதிரி இருக்கும் சான்றிதழ். முத்திரைக் குவளை ஒன்றாவது இல்லாத மேசை எங்கள் அலுவலகத்தில் கிடையாது. பெரும்பாலானவற்றில் பேனாதான் நிற்கிறது. குவளையில் குறையொன்றுமில்லை. வாங்குகிறவர் இன்னார் என்று தெரியாமலே அதை ஆர்டர் செய்துவிட முடியும் என்பதுதான் சிக்கல்.

மனித வளத்துறையிடம் கேட்டிருந்தால் தொகை ஒதுக்கியிருப்பார்கள். ஆனால் அனுமதிக்கு ஒரு சுற்று, ஜிஎஸ்டி பில்லுக்கு ஒரு சுற்று என்று போய்ப் பொருள் கைக்கு வரும்போது ஆடி மாதம் பிறந்திருக்கும். அதற்குள் அணியில் பாதிப்பேர் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். நன்றிக்கும் கெட்டுப்போகும் தேதி உண்டு. களைப்பு உடம்பில் இருக்கும்போதே வந்து சேர வேண்டும், ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். எனவே என் கைக்காசு என்று முடிவு செய்தேன். தலைக்குச் சராசரியாக 150 ரூபாய் உச்சவரம்பு. அணியில் பதினான்கு பேர் என்றாலும் கணக்குப் பதினேழு பேருக்கு, அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். ஆக மொத்தம் 2,550 ரூபாய். அணியிடமே வசூல் செய்து அணிக்கே பரிசு தரும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அது எனக்குப் பிடிபடுவதில்லை.

தொகை குறைவாக இருப்பதில் ஒரு வசதி இருக்கிறது. 2,000 ரூபாய்க்குக் கூப்பன் கொடுத்தால் உடனே மனம் கணக்குப் போடும்: எத்தனை இரவு விழித்தேன், ஒரு இரவுக்கு எவ்வளவு விழுகிறது? 150 ரூபாய்ப் பொருளை யாரும் அப்படி வகுத்துப் பார்ப்பதில்லை. இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ஜெர்மனியில் கூபே, மரெஷால், புப்பே என்ற பொருளியலாளர்கள் நடத்திய சோதனை 2012இல் வெளியானது. நூலகத்தில் புத்தகங்களைப் பட்டியலிட மாணவர்களை மூன்று மணி நேர வேலைக்கு அமர்த்தினார்கள், கூலி 36 யூரோ. சிலருக்கு எதிர்பாராமல் கூடுதலாக 7 யூரோ பணம் தந்தார்கள். வேலை ஏதோ கொஞ்சம் கூடியது, குறிப்பிடும்படி இல்லை. வேறு சிலருக்கு அதே விலையுள்ள தெர்மாஸ் குடுவையைப் பரிசுக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். வேலை கால் பங்கு கூடியது. எது வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலோர் பணத்தையே தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் வேடிக்கை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். அந்தப் பணத்தில் இருந்த தாளைச் சட்டை வடிவில் மடித்துக் கொடுத்தபோது குடுவைக்குக் கிடைத்த அளவுக்குப் பலன் கிடைத்தது. மதிப்பு அதே 7 யூரோதான். மடிக்க ஒருவர் உட்கார்ந்து நேரம் செலவழித்திருக்கிறார் என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

பொருள் வாங்குவதற்கு முன்னால் வேறொரு வேலை இருந்தது. இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வந்தவர்களுக்குச் சேர வேண்டிய காம்ப் ஆஃப் நாட்கள் கணினியில் ஒப்புதல் ஆகாமல் கிடந்தன. இரவு வண்டிக் கட்டணம் சொந்தக் காசில் கொடுத்த இரண்டு பேரின் பில்களும் நிலுவையில் இருந்தன. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினால் வாங்குகிறவருக்குக் கோபம்தான் வரும். நியாயமான கோபம். அதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் கடைக்குப் போனேன்.

பேரலல் ரன் நடந்த நாட்களின் குறிப்பேடு என்னிடம் இருந்தது. யார் எந்தச் சிக்கலை எப்போது கண்டுபிடித்தார்கள், யார் தீர்த்தார்கள் என்று தேதிவாரியாக எழுதி வைத்திருந்தேன். அதைப் புரட்டி ஒவ்வொருவருக்கும் ஒரு சம்பவத்தைத் தேர்ந்தெடுத்தேன். பொருளை அந்தச் சம்பவம் சொல்லும் என்று விட்டுவிட்டேன்.

சோதனைப் பிரிவில் ஒரு பெண். இஎஸ்ஐ பிடித்தத்தில் சிலருக்கு மட்டும் ஒரு ரூபாய் உதைக்கிறது என்று கொண்டுவந்தது அவர்தான். ஒரு ரூபாய்தானே, சில்லறை வித்தியாசம் என்று கூட்டத்தில் தள்ளிவிடப் பார்த்தார்கள். அவர் விடவில்லை. சம்பளம் 18,300 என்றால் தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு, அதாவது 137 ரூபாய் 25 காசு. புதிய மென்பொருள் பள்ளிக்கூடக் கணக்குப்படி அதை 137 ஆக்கியது. இஎஸ்ஐ விதிப்படி காசு எவ்வளவு மிஞ்சினாலும் அடுத்த ரூபாய்க்கு ஏற்ற வேண்டும், 138. ஆளுக்கு ஒரு ரூபாய்தான். ஆனால் அந்தத் தொழிலாளர் ஒவ்வொருவரின் பெயரிலும் மாதாமாதம் தவறான தொகை ஏறியிருக்கும். அவருக்கு ஒரு வெள்ளை அட்டையில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டினேன். கீழே 137.25, 138 என்ற இரண்டு எண்கள், அவர் அதைக் கண்டுபிடித்த தேதி, மூன்று வரி. அட்டையோடு சேர்த்து 11 ரூபாய் ஆனது. அவருடைய மிச்சம்தான் மற்றவர்களின் பட்ஜெட்டைக் காப்பாற்றியது.

ஊழியர்களின் பெயர்களைச் சரிசெய்த பையனின் கதை வேறு. பழைய மென்பொருளில் முன்னெழுத்து முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். மூன்றும் பொருந்தாவிட்டால் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் தொல்லை. நூற்றுக்கணக்கானவர்களுக்குப் போன் செய்து ஒவ்வொன்றாக விசாரித்துத் தொண்டை கட்டிப்போய், கடைசியில் சைகையில்தான் பேசினான். அவனுக்கு நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம், திப்பிலி, சித்தரத்தை, பனங்கற்கண்டு தனித்தனிப் பொட்டலங்களாக வாங்கி ஒரு பெட்டியில் வைத்தேன். திறந்து பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். குரல் அதற்குள் திரும்பியிருந்தது.

இரவு முழுக்கச் சர்வரைப் பார்த்துக்கொண்டவர் காகிதக் கோப்பையில் காபி குடிப்பதைப் பாவம் என்று நினைப்பவர். அவருக்கு எவர்சில்வர் டவரா டம்ளர். மகளின் ஆண்டு விழாவைத் தவறவிட்ட ஒருவர் இருந்தார். அவருக்கு என்ன கொடுத்தும் பயனில்லை என்று தோன்றியது. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட படக்கதைப் புத்தகம் ஒன்றை மகளுக்கென்று வாங்கி, உன் அம்மா அன்று எங்கே இருந்தார், அதனால் எத்தனை நர்ஸ் அக்காக்களுக்குச் சரியாகச் சம்பளம் போனது என்று அந்தக் குழந்தைக்கே ஒரு கடிதம் எழுதி உள்ளே வைத்தேன். விலை குறைந்த பரிசுக்கு வீடுவரை போகும் வழி கிடைத்தால் அதன் பலமே வேறு.

எல்லோருக்கும் இப்படிப் பொருத்தமாக அமைந்துவிடவில்லை. நான்கைந்து பேருக்குக் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்தான். இனிப்பு என்றால் சர்க்கரைக்காரர் யார் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். செடி கொடுக்கலாமா என்று யோசித்துக் கைவிட்டேன், வெளிச்சமில்லாத ஏசி அறையில் அது மெல்லச் சாகும், பார்க்கிறவருக்குக் குற்ற உணர்ச்சி வேறு. மிட்டாய் வாங்கியவர்களுக்கும் கடிதம் அவரவருக்கென்று எழுதியதுதான். கடிதம் எழுதுவதில்தான் நேரம் போனது. "உங்கள் கடின உழைப்புக்கு நன்றி" என்ற வரி யாருக்கும் பொருந்தும். யாருக்கும் பொருந்துவதாலேயே ஒருவருக்கும் உறைக்காது. பெயரை மாற்றி அடுத்தவருக்குக் கொடுக்க முடிகிறதா என்று ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்தேன். முடிந்தால் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். ரொம்ப உருகிவிட்டோமோ என்ற கூச்சமும் இருந்தது. அந்தக் கூச்சம் பொதுவானது போலும். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற உளவியலாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதுகிறவர்கள் வாங்குகிறவரின் சங்கடத்தை மிகையாகவும் மகிழ்ச்சியைக் குறைவாகவும் கணிக்கிறார்கள் என்று கண்டார்கள்.

கூட்டம் போட்டுக் கொடுக்கவில்லை. கூட்டத்தில் கைதட்டல் ஏறி இறங்கும், அதை வைத்து யார் பெரியவர் என்று தரப்பட்டியல் உருவாகிவிடும். ஒவ்வொருவரின் மேசைக்கும் போய்க் கொடுத்தேன். பேசக் கூச்சப்படும் ஒரு மூத்த நிரலாளர் பெட்டியைப் பிரிக்காமலே பைக்குள் வைத்துக்கொண்டு, "வீட்ல போய்ப் பாத்துக்கறேன்" என்றார். அதுவும் சரிதான்.

கணக்கில் கூடியிருந்த மூவரில் ஒருவர் பேன்ட்ரி அம்மா. மாலை கிளம்பும்போது இரவு ஆட்களுக்கென்று ஃபிளாஸ்க்கில் டீ போட்டு வைத்துவிட்டுப் போவார். அது அவர் வேலையில் சேர்ந்ததில்லை. "எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்? நான் என்ன கம்ப்யூட்டரா பாத்தேன்?" என்றார். டீ இல்லாத இரவு எப்படி இருந்திருக்கும் என்று கடிதத்தில் எழுதியிருந்ததை அங்கேயே நின்று படித்தார். இரண்டாமவர் அதிகாலையில் பெண்களை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்ட கேப் ஓட்டுநர்.

மூன்றாமவர் ஒப்பந்தத்தில் வந்த சோதனையாளர். கோ லைவ் ஆன அன்றே ஒப்பந்தம் முடிந்து திருச்சிக்குப் போய்விட்டார், அலுவலகப் பட்டியல் எதிலும் அவர் பெயர் இல்லை. அவருக்குக் கூரியரில் அனுப்பினேன். இரண்டு நாளில் போன் வந்தது.

"சார், கடல மிட்டாய் தீந்துபோச்சு. அந்த லெட்டர அடுத்த இன்டர்வியூல காட்டலாமா?"

"அது கையால எழுதினது தம்பி, கிறுக்கலா இருக்கும். நீ என்னென்ன டெஸ்ட் பண்ணினேன்னு ஒரு பட்டியல் அனுப்பு. லெட்டர்ஹெட்ல முறையா ஒண்ணு எழுதித் தர்றேன்."

பட்டியல் அன்று இரவே வந்துவிட்டது. நான் மறந்திருந்த இரண்டு வேலைகளும் அதில் இருந்தன.