ரவுட்டரா, லைனா? நெட் எங்கே பிந்துகிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம்

இரவு ஏழரை ஆனால் போதும், ஊர்க் குழுமங்களில் ஒரே கேள்விதான். "உங்கட பக்கம் நெட் வேலை செய்யுதா?" ஸூம் வகுப்பில் டீச்சரின் குரல் வெட்டி வெட்டிக் கேட்கும். வேகம் பார்க்கும் செயலியைத் திறந்தால் 20 எம்.பி.பி.எஸ். என்று நன்றாகவே காட்டும். வேகம் இருக்கும்போது குரல் ஏன் வெட்டுகிறது?

அந்தச் செயலி முக்கியமாகக் காட்டுவது ஒரு செக்கனுக்கு எவ்வளவு தரவு வருகிறது என்பதை. ஆட்களோடு கதைப்பதற்கு அவ்வளவு தரவு தேவையில்லை. ஒரு சிறு பொதி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது, அந்த நேரம் ஒரே சீராக இருக்கிறதா என்பதுதான் அங்கே முக்கியம். அதை அளக்கும் கட்டளைதான் ping. 1983 இல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதியது. நீர்மூழ்கிகள் ஒலியை அனுப்பி அது எதிரொலித்து வரும் நேரத்தைப் பார்ப்பது போன்றது என்பதால் அந்த ஒலியின் பெயரையே வைத்தார்.

எங்கள் வீட்டில் பார்த்த முறையை அப்படியே சொல்கிறோம். லெப்டொப்பில் விண்டோஸ் தேடலில் cmd என்று அடித்தால் கறுப்புத் திரை ஒன்று வரும். அதில் `ipconfig` என்று அடித்தால் Default Gateway என்று ஓர் இலக்கம் தெரியும். அதுதான் உங்கள் ரவுட்டரின் முகவரி. எங்களுக்கு 192.168.1.1. முதலில் அதை மட்டும் தட்டிப் பார்க்க வேண்டும், 50 முறை:

```
ping -n 50 192.168.1.1
```

இந்தப் பொதி வீட்டு வாசலைத் தாண்டாது. லெப்டொப்பிலிருந்து ரவுட்டருக்குப் போய்த் திரும்பி வரும், அவ்வளவுதான். கேபிள் போட்டிருந்தால் 1 மில்லி செக்கனுக்குள் வர வேண்டும். நல்ல வைஃபையில் 2 முதல் 5 வரை இருக்கும். பிள்ளைகள் படிக்கும் பின் அறையில் எங்களுக்குக் கிடைத்தது இது:

```
Packets: Sent = 50, Received = 47, Lost = 3 (6% loss)
Minimum = 2ms, Maximum = 412ms, Average = 68ms
```

50 பொதிகளில் 3 வீட்டுக்குள்ளேயே காணாமல் போயிருக்கின்றன. இதற்குக் கொம்பனிக்குப் போன் எடுத்துப் பயனில்லை. லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு போய் ரவுட்டருக்குக் கேபிளில் மாட்டி அதே கட்டளையைக் கொடுத்தோம். 50 பொதிகளும் 1 மில்லி செக்கனுக்குள் வந்தன. ஆகவே ரவுட்டர் பழுதில்லை, இடையிலுள்ள வைஃபைதான் பிழை. ரவுட்டர் டீவிக்குப் பின்னால் இருந்தது, பின் அறைக்கு இரண்டு சுவர். போதாததற்கு எங்கள் ஒழுங்கையில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பதால் எல்லோருடைய வைஃபையும் ஒரே சனலில் முட்டிக்கொள்கிறது. ரவுட்டரை ஹோலின் நடுவில் உயரத்தில் வைத்து, நெரிசல் குறைந்த சனலுக்கு மாற்றியதும் பின் அறையில் 4, 5 என்று இறங்கியது. (2.4 கிகாஹேர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டும். இடையிலுள்ளவை இரண்டு பக்கமும் மோதும்.)

பகலில் எல்லாம் சரி. இரவு எட்டு மணிக்குத் திரும்பவும் வெட்டியது. இனிமேல் வாசலுக்கு வெளியே பார்க்க வேண்டும். அதற்கு traceroute. விண்டோஸில் பெயரைச் சுருக்கி tracert என்று வைத்திருக்கிறார்கள்.

இது வேலை செய்யும் விதம் அழகானது. ஒவ்வொரு பொதியிலும் "இத்தனை ரவுட்டர்களைத்தான் தாண்டலாம்" என்று ஓர் எண் இருக்கும். ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். பூச்சியமானால் பொதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அனுப்பியவருக்கு அறிவிக்கும. tracert முதலில் 1 என்று எழுதி அனுப்பும், பிறகு 2, பிறகு 3. இப்படி வழியிலுள்ள ஒவ்வொருவரையும் பதில் சொல்ல வைக்கிறது. கேபிளில் மாட்டிக்கொண்டு செய்தோம்:

```
tracert -d 8.8.8.8
  1   <1 ms   <1 ms   <1 ms  192.168.1.1
  2  168 ms  174 ms  161 ms  10.20.0.1
  3    *       *       *     Request timed out.
  4  203 ms  211 ms  198 ms  8.8.8.8
```

முதல் வரி எங்கள் ரவுட்டர். இரண்டாம் வரி கொம்பனியின் முதல் கருவி. மூன்றாம் வரியில் உள்ள நட்சத்திரங்களைக் கண்டு பயப்பட வேண்டாம். பல ரவுட்டர்கள் பொதிகளைக் கடத்திவிடும், ஆனால் இப்படியான கேள்விகளுக்குப் பதில் சொல்லாது. அதுபோல நடுவில் ஒரு வரி மட்டும் 300 காட்டி, அடுத்த வரி 45 காட்டினால் அதுவும் பழுதில்லை. அந்த ரவுட்டர் பதில் சொல்லப் பிந்தியது, அவ்வளவே. ஓர் இடத்தில் ஏறிய நேரம் கடைசி வரி வரை இறங்காமல் தொடர்ந்தால்தான் அந்த இடத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

இங்கே ஏற்றம் இரண்டாம் வரியில். உடனே கொம்பனியைத் திட்டலாமா? கூடாது. இரண்டாம் வரியின் நேரத்தில், எங்கள் ரவுட்டருக்குள் வெளியே போகக் காத்து நிற்கும் வரிசையும் சேர்ந்திருக்கிறது. பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். வெளியே அனுப்பும் வேகம் 4 எம்.பி.பி.எஸ். என்று வையுங்கள். 100 கிலோபைட் வரிசையில் நின்றால் அது காலியாக 200 மில்லி செக்கன் ஆகும். பின்னால் வரும் டீச்சரின் குரலும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

வீட்டிலுள்ள போன்களின் வைஃபையை ஒவ்வொன்றாக நிறுத்தினோம். மருமகனின் போனை நிறுத்தியதும் இரண்டாம் வரி 168 இலிருந்து 6 க்கு விழுந்தது. கலியாண வீட்டில் எடுத்த வீடியோக்களை அந்தப் போன் தன்பாட்டில் மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. அதை நள்ளிரவுக்குப் பிறகு ஏற்றும்படி மாற்றிவிட்டோம். அதற்குப் பிறகு ஒரு மாதம் பிரச்சினை இல்லை.

பிறகு ஒரு வாரம் திரும்பவும் வந்தது. இம்முறை வைஃபையை முழுதாக நிறுத்தி, கேபிளில் ஒரே ஒரு லெப்டொப். முதல் வரி 1 இற்குள், இரண்டாம் வரி 6, நான்காம் வரியிலிருந்து கடைசி வரை 190. அதிகாலை ஐந்தரைக்குப் பார்த்தால் கடைசி வரி 48. மூன்று இரவும் மூன்று காலையும் ஒரே மாதிரி. வீட்டில் வேறு எதுவுமே ஓடாத நேரத்தில், இரவில் மட்டும், வாசலைத் தாண்டி ஏறுகிறது என்றால் அது கொம்பனிப் பக்கத்து நெரிசல்தான்.

48 என்பதையும் பூச்சியமாக்க முடியாது. ஃபைபருக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் போகும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். போய்வர 27 மில்லி செக்கனுக்குக் குறைய வழியே இல்லை, கடலடிக் கேபிள் நேர்கோட்டிலும் போவதில்லை.

கொம்பனியில் முதலில் "ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க" என்றார்கள். ஆறு அளவுகளையும் திகதி, நேரத்தோடு எழுதி, கேபிளில் எடுத்தது, வேறு எந்தக் கருவியும் இணைந்திருக்கவில்லை என்று சேர்த்து அனுப்பினோம். அடுத்த நாள் பேசியவர் ரவுட்டரைப் பற்றிக் கேட்கவே இல்லை. பதினொரு நாளில் இரவு அளவு 60 க்கு இறங்கியது.

4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். உங்களுக்கு இரண்டாம் வரி கோபுரத்தைத் தாண்டி வருவதால் 30, 40 காட்டுவது வழமை. 100 க்கு மேல் ஆடினால் முதலில் ரவுட்டரை ஜன்னல் பக்கம் வைத்துப் பாருங்கள்.

இன்று இரவு எட்டரைக்கு, கேபிளில், மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒருமுறை எடுத்து, முதல் வரி, இரண்டாம் வரி, கடைசி வரி மூன்றையும் கொமென்டில் போடுங்கள். எந்த ஒழுங்கை, எந்த வகை இணைப்பு என்றும் எழுதுங்கள். ஒரே பக்கத்தில் நாலைந்து வீட்டில் ஒரே நேரம் ஏறுகிறது என்றால் எல்லோருமாகச் சேர்ந்தே முறைப்பாட்டைக் கொடுக்கலாம்.