இந்தக் குழாய் யாருடையது?

உடப்புசல்லாவையில் சொட்டு நீர் போட்டவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: உரத்தை உறிஞ்சும் வெஞ்சூரி இஸ்ரேல்காரன் கண்டுபிடித்தது. எனக்கு அது ஒட்டவில்லை. பெயரே இத்தாலியப் பெயராயிற்றே.

தேடினேன். வெஞ்சூரி என்ற இத்தாலியர் 1797இல் பாரிசில் ஒரு நூல் வெளியிட்டார். ஓடும் நீர் பக்கத்து நீரையும் இழுத்துச் செல்லும் என்பது அதன் அடிப்படை. ஆனால், இடை சிறுத்த குழாய்க்கு அவர் பெயரைச் சூட்டியவர் ஹெர்ஷல் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1880களின் கடைசியில் நீரோட்டத்தை அளக்க அவர் செய்த கருவி அது. உரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். குடைமிளகாய்க் கூடாரத்தில் அவர் மாட்டியிருந்த வெஞ்சூரி ஒரு சொட்டும் உறிஞ்சவில்லை. உரப் பரலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. "பேர வுடு தம்பி, இது ஏன் திரும்பி வருதுன்னு கண்டுபுடி" என்றார். அதன்பிறகு என் தேடல் அந்தப் பரலைச் சுற்றியே நடந்தது.

வால்வைத் திருகினோம், வடிகட்டியைக் கழுவினோம், குழாயை மாற்றினோம். எதுவும் உதவவில்லை. கடைசியில் உயரத்தை அளந்தோம். ஊற்றுத் தாங்கி கூடாரத்துக்கு 40 அடி மேலே இருந்தது. 33 அடிக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம். ஆக, கிடைப்பது 1.2 பார்தான். அவருடைய வெஞ்சூரி உறிஞ்ச வேண்டுமானால் வரும் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்காவது அதற்குள் குறைய வேண்டும். டிரிப்பருக்கோ 1 பார் வேண்டும். மிஞ்சியது போதவில்லை, வெளியே போக வழியில்லாத நீர் பரலுக்குள் திரும்பியது.

தாங்கியை 80 அடிக்கு ஏற்றினோம். 2.4 பாரில் மூன்றில் ஒரு பங்கு போனாலும் 1.6 மிஞ்சும். அன்றைக்கே பரல் இறங்கத் தொடங்கியது. நீர் திரும்பாதிருக்க உறிஞ்சு குழாயில் ஒருவழி வால்வும் வைத்தோம்.

பிறகு கணக்கு. பரலில் நிமிடத்துக்கு 1 லீட்டர் குறைந்தது. வெஞ்சூரிக்குப் பின்னால் உள்ள மீட்டர் 20 லீட்டர் காட்டியது. அதாவது, பரலில் இருப்பது 20 மடங்கு நீர்க்கும். செடிக்குப் போகும் ஒரு லீட்டரில் 100 மில்லிகிராம் நைதரசன் வேண்டுமென்றால், பரலின் ஒரு லீட்டரில் 2 கிராம் இருக்க வேண்டும். கல்சியம் நைத்திரேற்றில் நைதரசன் 15.5 சதவீதம், 2ஐ 0.155ஆல் வகுத்தால் 12.9 கிராம். 100 லீட்டர் பரலுக்கு ஏறக்குறைய 1.3 கிலோ. இந்தப் பரலில் சல்பேற்று, பொஸ்பேற்று உரங்களைக் கலக்கக்கூடாது. அடியில் கரையாத வண்டலாகப் படிந்து டிரிப்பரை அடைத்துவிடும்.

வெஞ்சூரி வாங்குமுன் தாங்கியின் உயரத்தை அளந்து பாருங்கள். உயரம் ஏற்ற முடியாவிட்டால் சிறு பம்ப் வையுங்கள். உயரத்தையோ டிரிப்பர் எண்ணிக்கையையோ மாற்றினால், உறிஞ்சும் அளவை மறுபடி அளந்துவிட்டு உரத்தை நிறுங்கள்.