உம்மாவுக்கு, கிளாஸ்கோவிலிருந்து



"வகுப்பும் வேலையுமாக ஓடுகிறாயே, வக்து தவறாமல் தொழுகிறாயா?" என்று போனில் கேட்டீர்கள். இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. அடுத்த வருடம் தம்பியும் இங்கே வரப்போவதால் விவரமாகவே எழுதுகிறேன். அவனுக்கும் படித்துக் காட்டுங்கள்.

நம் காயல்பட்டினத்தில் வருடம் முழுக்க மஃரிப் ஐந்தே முக்காலிலிருந்து ஆறே முக்காலுக்குள் வந்துவிடும். இங்கே அப்படி இல்லை. ஜூனில் சூரியன் மறைய இரவு 10 மணி தாண்டும். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் மாலை 3.44க்கே மறைந்துவிடும். சுபுஹுக்குக் குளிர்காலத்தில் சிரமமே இல்லை. சூரியன் உதிக்க எட்டே முக்கால் ஆகிவிடுவதால் நிதானமாக எழுந்து தொழலாம். நெருக்கடியெல்லாம் பகலில்தான். லுஹர் 12.16க்கு வந்து 1.32க்கு முடிகிறது, உடனே அஸர் தொடங்குகிறது. வகுப்பு நேரத்தில் மூன்றரை மணி நேரத்துக்குள் லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் வந்துவிடுகின்றன.

தம்பி ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்குள்ள பள்ளிவாசல் அட்டவணைகள் பலவற்றில் அஸருக்கு இரண்டு நேரம் போட்டிருப்பார்கள். பிந்தியது ஹனஃபி மத்ஹபுக்கு உரியது. நாம் ஷாஃபி என்பதால் முந்திய நேரத்தோடு நமக்கு லுஹர் முடிந்துவிடும். போனில் உள்ள செயலியிலும் மத்ஹபைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். சனிக்கிழமை ஒரு மணிக்கு வந்த லுஹர் மறுநாள் பன்னிரண்டுக்கே வரும். செப்டம்பரில் போட்டுவைத்த கணக்கு அன்றோடு உதவாது.

என் செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறேன். பன்னிரண்டு மணி வகுப்பை 12.50க்கு விடுவார்கள், அடுத்தது ஒரு மணிக்கு ஆய்வகம். இடையில் உள்ள பத்து நிமிடத்தில் ஒளு செய்து தொழுவது நடக்காது. ஆனால் ஒளுவோடு இருந்தால் நான்கு ரக்அத் பர்ளுக்கு ஐந்து நிமிடம் போதும். அதனால் பன்னிரண்டு மணி வகுப்புக்குள் நுழையும்போதே ஒளு எடுத்திருப்பேன். மூன்று மணிக்கு ஆய்வகம் முடிந்ததும் தொழுகை அறைக்குப் போய் அஸர் தொழுவேன். அங்கேயே ஓதிக்கொண்டிருந்து 3.44க்கு மஃரிபும் தொழுதுவிட்டு, நான்கு மணிக்குக் கடைக்குள் நுழைந்துவிடுவேன். இஷா வேலை முடிந்து வீட்டில்தான்.

கடையில் முதலில் கல்லாவில் நிற்கச் சொன்னார்கள். சில்லறை வாங்கும்போது பெண்களின் கை பட்டால் நம் மத்ஹபில் ஒளு முறிந்துவிடும். மேலாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். கிடங்கிலிருந்து சரக்கு எடுத்து அடுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார். ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் இருபது நிமிட இடைவேளை இந்த நாட்டுச் சட்டப்படி கிடைக்கும். சனிக்கிழமை நீண்ட ஷிஃப்டில் அதை அஸர் நேரத்தில் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். முன்கூட்டியே சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

வியாழக்கிழமை பன்னிரண்டிலிருந்து மூன்று வரை ஆய்வகம். லுஹர் முழுவதும் அதற்குள் போய்விடும். லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். நம் மத்ஹபில் ஜம்உ பயணிக்கும், மழை போன்ற காரணத்துக்கும் உரியது. வாராவாரம் வகுப்புக்காக அதை எடுத்துக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. பருவத் தொடக்கத்திலேயே ஆசிரியரிடம் பேசிவைத்தேன். மாதிரிகளை இயந்திரத்தில் சுழலவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் வெளியே போய் வந்துவிடுகிறேன்.

இனி ஒளு. பொதுக் கழிவறையின் கைகழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்துக் கழுவினால் தரையெல்லாம் ஈரமாகும், பார்ப்பவர்களுக்கும் சங்கடம். இதற்குத் தோல் காலுறைதான் வழி. சுபுஹுக்குக் கால் கழுவி முழுமையாக ஒளு செய்தபின் அணிந்துகொள்கிறேன். பிறகு ஒளு முறிந்தால் முகம், கை கழுவி, தலைக்கு மஸஹ் செய்து, ஈரக்கையால் காலுறையின் மேற்புறத்தைத் தடவினால் போதும். ஊரில் தங்கியிருப்பவருக்கு ஒரு பகலும் ஓர் இரவும் இது செல்லும். அணிந்த நேரத்திலிருந்து இல்லை, அணிந்தபின் முதன்முதலாக ஒளு முறிந்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். இடையில் கழற்றிவிட்டால் கால் கழுவியாக வேண்டும். குளிப்பு கடமையானால் இந்தச் சலுகை இல்லை. கரண்டைக் கால் மூடியிருக்க வேண்டும், கிழிசல் இருக்கக் கூடாது. சாதாரணத் துணிக் காலுறையில் இது செல்லாது.

தம்பி கிளம்புமுன் அவன் காலுக்குச் சரியான தோல் காலுறை இரண்டு ஜோடி வாங்கிக் கொடுங்கள். ஒரு மாதமாவது ஊரிலேயே அணிந்து பழகிவிட்டு வரட்டும். எனக்காக துஆ செய்யுங்கள், உம்மா.